கட்டடம் முடிந்தது, கணக்கு முடியவில்லை

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை தன் பள்ளிக்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டியது. ஒப்பந்தக்காரர் தரப்பில் பில் போடும் இன்ஜினியராக நான் அந்த வேலையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள், எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் சைட் இன்ஜினியர் திருப்பூரில் அடுத்த வேலையில் நின்றுகொண்டிருந்தார். அந்த வார முடிவில் ஸ்டோர்கீப்பரும் ஊருக்குப் போய்விட்டார். ஃபைனல் பில் மட்டும் என் மேசையில் பாதியில் கிடந்தது.

கட்டடத்தின் வடகிழக்கு மூலையில் அஸ்திவாரம் தோண்டியபோது மண் இளகலாக இருந்தது. வரைபடத்தில் இருந்த ஆழத்துக்கும் கீழே இரண்டடி தோண்டி, கான்கிரீட் போட்டு நிரப்பினார்கள். அது ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை. அதற்கு 1,80,000 ரூபாய் கேட்டேன். அறக்கட்டளையின் ஆலோசகர், "அளந்தது யார்? ஒப்புக்கொண்டது யார்? எழுத்தில் காட்டுங்கள்" என்றார். நியாயமான கேள்விதான். மண் மூடிய அஸ்திவாரத்தை மறுபடி அளக்க முடியாது. குழியில் டேப்பைப் பிடித்து எடுத்த படங்கள் சைட் இன்ஜினியரின் போனில் இருந்தன. அவர் அதற்குள் போனை மாற்றிவிட்டார். "நான் சொல்கிறேனே சார், தோண்டினோம்" என்று திருப்பூரிலிருந்து பேசினார். அந்தச் சொல்லுக்குப் பில்லில் இடம் இல்லை. 1,80,000 ரூபாயும் போயிற்று.

ஒரு வேலையை முடித்து மூடுவதற்கு நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும், கடைசிப் பணத்தை வாங்கவும் கொடுக்கவும் வேண்டும், ஆவணங்களைக் கட்டி வைக்க வேண்டும், ஆட்களை விடுவிக்க வேண்டும். சரிபார்ப்புப் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் ஆட்களை விடுவிப்பதுதான் முதலில் நடக்கிறது, அடுத்த சைட் அவசரப்படுத்துவதால். மற்ற மூன்றும் அந்த ஆட்களின் தலைக்குள்ளும் போனுக்குள்ளும் இருக்கும் தகவலை நம்பியிருக்கின்றன. இந்த வரிசைப் பிழை ஒன்றே பெரும்பாலான இழுபறிக்குக் காரணம்.

அந்த வேலைக்குப் பிறகு நான் தயாரிக்கும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள் வைத்தேன். செய்ய வேண்டியது என்ன, செய்பவர் பெயர் என்ன, அது முடிந்ததற்கு எந்தக் காகிதம் சாட்சி, எந்தத் தேதிக்குள். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். "முடிந்தது" என்று டிக் அடிக்க இடமே கிடையாது; கடித எண்ணோ, ரசீது எண்ணோ எழுத வேண்டும். பட்டியலைத் திறப்பு விழாவுக்குப் பிறகு எடுத்துப் பயனில்லை. வேலை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லோரும் சைட்டில் இருப்பார்கள்.

முடிந்த நாள் எது?

ஒப்பந்தம் முடிவது திறப்பு விழா அன்று அல்ல. உரிமையாளரோ அவருடைய இன்ஜினியரோ எழுத்தில் தரும் பணி நிறைவுச் சான்றில் உள்ள தேதிதான் கணக்கு. அந்தத் தேதியிலிருந்துதான் குறை திருத்தும் காலம் தொடங்குகிறது. பெரும்பாலான கட்டட ஒப்பந்தங்களில் அது ஓர் ஆண்டு. அதற்குள் சுவரில் நீர் கசிந்தாலும் கதவு பிடித்தாலும் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சான்று வாங்காமல் விட்டால் அந்த ஓராண்டு எப்போது தொடங்கியது என்பதே சண்டையாகிவிடும். பள்ளி நிர்வாகம் ஜூன் மாதமே வகுப்பு நடத்தத் தொடங்கியிருக்கும். சான்று டிசம்பரில் வந்தால் ஆறு மாதம் கூடுதல் பொறுப்பு ஒப்பந்தக்காரர் தலையில் விழும்.

இந்தச் சான்றையும் உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட நிறைவுச் சான்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் வருவது. அனுமதி பெற்ற வரைபடப்படி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத் தருவது. அது உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான காரியம். முன்னது இரண்டு தரப்புக்கும் இடையிலான காரியம். பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

சான்று தருவதற்கு முன் இரு தரப்பும் அறை அறையாக நடந்து குறைகளை எழுதுவார்கள். கட்டட வேலையில் இருப்பவர்கள் இதை ஸ்னாக் லிஸ்ட் என்பார்கள். இதில் பொதுவாக நடக்கும் தவறு, பட்டியலை முடிவில்லாமல் வளரவிடுவது. முதல் வாரம் நாற்பது குறை, அதைத் திருத்தினால் மறுவாரம் புதிதாக முப்பது. இதற்கு ஒரே வழி, இரு தரப்பும் ஒரே நாளில் நடந்து, எழுதி, அடியில் கையெழுத்திட்டு, "இந்தப் பட்டியல் முழுமையானது, இதற்குப் பிறகு தெரியவருபவை குறை திருத்தும் காலத்தில் பார்க்கப்படும்" என்று ஒரு வரி சேர்ப்பது. அந்த ஒரு வரிக்காக எத்தனை நேரம் பேசினாலும் தகும்.

அடுத்து வங்கி உத்தரவாதம். வேலையைச் சரியாக முடிப்பேன் என்பதற்கு ஒப்பந்தக்காரர் தன் வங்கியிலிருந்து ஒரு பத்திரம் வாங்கி உரிமையாளரிடம் கொடுத்திருப்பார். அதற்காக அவருடைய பணத்தில் ஒரு பகுதியை வங்கி டெபாசிட்டாகப் பிடித்து வைத்திருக்கும், கமிஷனும் வாங்கும். வேலை முடிந்தாலும் மூலப்பத்திரம் உரிமையாளரின் பீரோவிலேயே தூங்கினால் டெபாசிட்டை விடுவிக்க வங்கி தயங்கும். ஆகவே "மூலப்பத்திரம் திரும்ப வந்தது, விடுவிப்புக் கடிதத்துடன் வங்கியில் கொடுத்தாயிற்று" என்பது தனி வரி. உரிமையாளர் பக்கத்தில் இதற்கு எதிரான கவனம் வேண்டும். குறை திருத்தும் காலம் முடிவதற்குள் உத்தரவாதம் காலாவதியாகிறதா என்று பார்த்து, ஆகிறதென்றால் முன்கூட்டியே நீட்டிக்கச் சொல்ல வேண்டும். காலாவதியான பத்திரத்துக்கு வங்கி பணம் தராது.

ஃபைனல் பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

அந்தப் பள்ளிக் கட்டடத்தின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். ஒப்பந்தத் தொகை 2 கோடி ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வேலை நடக்க நடக்க ஏழு ரன்னிங் பில்கள் போட்டு 1,84,00,000 ரூபாய்க்கான வேலை ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. கடைசியாக எல்லாவற்றையும் அளந்தபோது சில இனங்கள் குறைந்ததால் 2,50,000 ரூபாய் கழிந்தது. எழுத்தில் ஒப்புதல் இருந்த கூடுதல் வேலைகள் 9,00,000 ரூபாய். ஆக மொத்த வேலை 2,06,50,000 ரூபாய். ரன்னிங் பில்களைக் கழித்தால் ஃபைனல் பில் 22,50,000 ரூபாய். மூலையில் புதைந்த அந்த 1,80,000 ரூபாய் இதில் இல்லை.

இந்த 22,50,000 அப்படியே கைக்கு வராது. முதல் கழிவு ரிடென்ஷன், அதாவது பிடித்தத் தொகை. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் உரிமையாளர் பிடித்து வைப்பார். குறை வந்தால் சரிசெய்ய அது அவருக்குப் பிணை. இந்தப் பில்லில் அது 1,12,500. இரண்டாவது, வேலை தொடங்கும்போது வாங்கிய முன்பணத்தில் இன்னும் திருப்பாமல் இருந்த 2,00,000. மூன்றாவது கம்பி. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் கம்பியை உரிமையாளரே வாங்கிக் கொடுத்தார். மொத்தம் 62 டன் சைட்டில் இறங்கியது. வரைபடப்படி கட்டடத்துக்குள் போயிருக்க வேண்டியது 58 டன். வெட்டும்போது விழும் துண்டுகளுக்கு ஒப்பந்தம் அனுமதித்த சேதாரம் 3 சதவீதம், அதாவது 1.74 டன். மீந்த முழுக் கம்பி 1.5 டன்னை எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்தோம். கூட்டினால் 61.24 டன். மீதி 0.76 டன்னுக்குக் கணக்கு இல்லை. டன்னுக்கு 65,000 ரூபாய் வீதம் 49,400 ரூபாய் பிடித்தார்கள். கம்பி திருட்டுப் போனதா, கூடுதலாக எங்காவது கட்டினார்களா, இறங்கும்போதே எடை குறைவா என்பதற்குப் பதில் ஸ்டோர்கீப்பரின் பதிவேட்டில் இருக்க வேண்டும். லாரி எடைச் சீட்டுகளில் பல ஒட்டப்படாமல் விடுபட்டிருந்தன. அவர் அருகில் இருந்தால் தேடி எடுத்திருப்பார்.

இப்படிப்பட்ட கணக்கைக் கடைசியில் பார்ப்பதைவிட ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போட்டவுடன் பார்த்துவிடுவது நல்லது. முதல் தளத்திலேயே வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் ஏதோ தவறு நடக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நான்காவது, வருமான வரிப் பிடித்தம். ஒப்பந்தக்காரர் நிறுவனமாக இருந்தால் 2 சதவீதம், தனிநபராக இருந்தால் 1 சதவீதம். இவர்கள் நிறுவனம், ஆகவே 45,000. இவை எல்லாம் போக 18,43,100. அதனுடன் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,05,000 சேரும். மொத்தமாகச் சேர்ந்திருந்த ரிடென்ஷன் 10,32,500 ரூபாயில் பாதி, அதாவது 5,16,250, நிறைவுச் சான்றுடன் விடுவிக்கப்படும். கடைசியாக வரவேண்டியது 27,64,350 ரூபாய். மீதிப் பாதி ரிடென்ஷன் ஓராண்டு கழித்து.

பணம் தரும்போது உரிமையாளர் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்: "இந்த வேலை தொடர்பாக எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." கேட்பதில் தவறில்லை. ஆனால் ஓராண்டு கழித்து வரவேண்டிய ரிடென்ஷனும், இன்னும் பேச்சில் இருக்கும் இனங்களும் அதே காகிதத்தில் விதிவிலக்காக எழுதப்பட வேண்டும். மனதார முழுத் தீர்வாகக் கையெழுத்திட்டால் பிறகு கேட்க வழியில்லை. மிரட்டியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய கையெழுத்து நடுவர் மன்றத்துக்குப் போவதைத் தடுக்காது என்று போகாரா பாலிஃபேப் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நெருக்கடி இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்திட்டவருடையது. கையெழுத்துக்கு முன் இரண்டு வரி சேர்ப்பது அதைவிட எளிது.

இன்னொன்று: "இன்று தருகிறேன், நாளை தருகிறேன்" என்ற பேச்சை நம்பி ஃபைனல் பில்லைக் கிடப்பில் போடக் கூடாது. வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குத் தொடரக் காலவரம்புச் சட்டம் தருவது 3 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் உரிமையாளர் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு எண்ணலாம். வாய்ப்பேச்சு எண்ணப்படாது. ஆண்டுக்கு ஒருமுறை நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

வரவேண்டிய பணம் போலவே கொடுக்க வேண்டிய பணமும் பட்டியலில் ஏற வேண்டும். பெரிய சப்ளையர்கள் தாங்களே துரத்தி வந்து வாங்கிக்கொள்வார்கள். மறந்துபோவது சிறியவர்களைத்தான். தண்ணீர் லாரிக்காரர், டீக்கடைக் கணக்கு, ஹார்டுவேர் கடை, ஊழியர்கள் தங்கியிருந்த வீட்டின் வாடகை. இவர்களுடைய கணக்கு ஒரு நோட்டில், சைட் சூப்பர்வைசரின் வாய்ச்சொல்லில் இருக்கும். அவர் ஊரைவிட்டுப் போன பிறகு அந்த டீக்கடைக்காரர் யாரிடம் கேட்பார்? வேலை முடிய ஒரு மாதம் இருக்கும்போது "இந்தத் தேதிக்குள் பாக்கியைச் சொல்லுங்கள்" என்று சைட் வாசலில் அறிவிப்பு ஒட்டுவதை நான் கட்டாயமாக்கினேன்.

சென்டரிங் சாமான் வாடகை இன்னும் ஆபத்தானது. பலகை, ஜாக்கி, ஸ்பான் எல்லாம் தினவாடகை. திருப்பி அனுப்பி, கடைக்காரர் எண்ணி, ரசீது தரும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். லாரியில் ஏற்றும்போது நம் பக்கம் எண்ணாவிட்டால், அங்கே இறங்கியபின் "இருபது ஜாக்கி குறைவு" என்று வருவதை மறுக்க முடியாது. தற்காலிக மின் இணைப்பும் அப்படித்தான். மீட்டரை ஒப்படைத்து எழுதி வாங்காவிட்டால் கட்டணம் ஏறும். கட்டிய டெபாசிட்டும் திரும்பாது.

எந்தக் காகிதம் எத்தனை நாள்?

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டுவது ஆவணக் காப்பு ஆகாது. மூன்று விதமான காகிதங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஆயுள் வேறு.

முதலாவது வரிக் கணக்கு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25-இல் போட்ட பில் என்றால், 2025 டிசம்பர் 31-இலிருந்து எண்ணினால் 2031 டிசம்பர் முடிய. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வழக்கு நடந்தால் அது முடியும் வரை. சிறிய கடைகள் தரும் மெஷின் ரசீதுகள் வெப்பக் காகிதத்தில் அச்சாகியிருக்கும். நாளாக ஆக எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அவற்றை அன்றன்றே நகல் எடுத்து மூலத்துடன் சேர்த்துக் குத்த வேண்டும்.

இரண்டாவது ஒப்பந்தம் சம்பந்தப்பட்டவை: ஒப்பந்தப் பத்திரம், அளவுப் புத்தகம், கூடுதல் வேலைக்கான ஒப்புதல் கடிதங்கள், நிறைவுச் சான்று. இன்று பாதி ஒப்புதல் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. "சரி சார், போடுங்க" என்ற ஒரு வரி பல லட்சத்துக்கான அனுமதியாக இருக்கும். அது ஓர் ஊழியரின் சொந்த போனில் இருக்கிறது என்பதை நிர்வாகம் யோசிப்பதே இல்லை. அவர் போவதற்கு முன் அந்தக் குழுவின் உரையாடலைப் படங்களுடன் ஏற்றுமதி செய்து அலுவலகக் கணினியில் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, அந்த ஒரு வரி வந்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்துகொள்வது.

மூன்றாவது, கட்டடம் நிற்கும் வரை வேண்டியவை. கட்டுவதற்கு முன் போட்ட வரைபடம் வேறு, உண்மையில் கட்டியபடி திருத்திய வரைபடம் வேறு. சுவருக்குள் போகும் மின்குழாய், தரைக்குக் கீழ் போகும் கழிவுக் குழாய், செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடம் எல்லாம் சைட்டில் மாறியிருக்கும். திருத்திய வரைபடம் இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து அடைப்பு எடுக்க வருபவர் தரையை நான்கு இடத்தில் உடைத்துப் பார்ப்பார். கான்கிரீட் கட்டிகளை ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்த்த சோதனை அறிக்கைகள், கம்பி கட்டிய பின் கான்கிரீட்டுக்கு முன் எடுத்த படங்கள், மேல்தள நீர்க்கசிவுத் தடுப்புக்கான உத்தரவாத அட்டை, லிஃப்ட் உரிமம் ஆகியவையும் இதில் சேரும். இந்தக் கட்டு உரிமையாளரிடம் ஒன்று, ஒப்பந்தக்காரரிடம் ஒன்று. முதல் பக்கத்தில் பொருளடக்கம் வேண்டும். எழுதியவரைத் தவிர வேறொருவர் அதை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் ஒரு காகிதத்தை எடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே பட்டியலில் எண் போட வேண்டும்.

கடைசியாக ஆட்கள்

மேலே உள்ள வரிகளில் எந்தெந்த வரியில் ஒருவர் பெயர் இருக்கிறதோ, அந்த வரிகளுக்கு எதிரே காகித எண் ஏறிய பிறகுதான் அவர் விடுவிக்கப்பட வேண்டும். இதைச் சொன்னால் அடுத்த சைட் மேலாளர் கோபப்படுவார். அவருக்கு நான் தரும் சமரசம் ஒன்று உண்டு. சைட் இன்ஜினியரை அனுப்பிவிடுங்கள், ஆனால் ஆறு வாரத்துக்கு வாரம் ஒருநாள் அவர் எங்களுடையவர் என்று எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாக வைத்தால் இரண்டாவது வாரமே வரமாட்டார்.

விடுவிப்பதில் நிறுவனத்தின் கடனும் உண்டு. வேலையிலிருந்து அனுப்பப்பட்டவருக்குச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்தவர்களின் கூலியை லேபர் கான்ட்ராக்டர் கொடுத்திருப்பார் என்று விட்டுவிட முடியாது. அவர் கொடுக்காமல் போனால் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின் மேல் வரும். ஆகவே கான்ட்ராக்டரின் கடைசிப் பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் கூலிப் பதிவேட்டைப் பார்த்து, தொழிலாளர்கள் ரயில் ஏறும் முன்பே அவர்கள் கணக்கில் பணம் ஏறியதை உறுதிசெய்ய வேண்டும். ஊருக்குப் போன பிறகு அவர்களால் வந்து கேட்க முடியாது. இந்த வரியை மட்டும் நான் யாருக்கும் ஒப்படைப்பதில்லை, நானே பார்க்கிறேன்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வேலையைவிட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் பணத்தை எடுப்பதிலும் மாற்றுவதிலும் தடை வரும். கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதத்துக்குப் பிறகு ஊழியரே அந்தத் தேதியைப் பதிவு செய்துகொள்ள இப்போது வசதி இருக்கிறது. ஆனால் வேலை தேடிக்கொண்டிருப்பவரை இரண்டு மாதம் காத்திருக்க வைப்பானேன்? அனுபவச் சான்றிதழும் அன்றே கையில் போகட்டும். அவரிடமிருந்து நாம் வாங்கவேண்டியவை: சிம் கார்டு, மடிக்கணினி, மின்னஞ்சல் கடவுச்சொல், சைட் வங்கிக் கணக்கில் அவருடைய கையெழுத்து அதிகாரம் நீக்கப்பட்டதற்கான வங்கிக் கடிதம்.

பட்டியலின் கடைசி வரி எப்போதும் ஓராண்டுக்குப் பிந்தைய தேதியில் இருக்கும். குறை திருத்தும் காலம் முடிந்து, கட்டடத்தை மறுபடி இரு தரப்பும் நடந்து பார்த்து, மீதி ரிடென்ஷனை வாங்கும் நாள் அது. அந்த வரிக்கு எதிரே எழுதும் பெயர், அந்த நாளில் நிறுவனத்தில் இருக்கக்கூடிய ஒருவருடையதாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளிக் கட்டடத்தில் அப்படி யார் பெயரும் எழுதப்படவில்லை. மீதி 5,16,250 ரூபாய் வர இரண்டு ஆண்டு ஐந்து மாதம் ஆனது.